ஆர்-ஸ்கொயர் 0.98 வந்த நிஃப்டி மாடல் நாளைய விலையை ஏன் சொல்லவில்லை

கேள்வி: "பைதானுக்குப் புதுசு. 2015 முதல் 2024 வரை நிஃப்டி குளோசிங் விலையை வைத்து எல்எஸ்டிஎம் மாடல் ஒன்று செய்தேன், கடைசி 2 வருடத்தை டெஸ்டுக்கு ஒதுக்கினேன். ஆர்-ஸ்கொயர் 0.98 வந்தது, கிராஃபில் இரண்டு கோடும் ஒட்டியே போகின்றன. ஆனால் மூன்று வாரமாகத் தினமும் மறுநாள் விலையைக் கணித்துப் பார்த்தால் ஏறுமா இறங்குமா என்பதே பாதி நேரம் தப்பாகிறது. நண்பர் ஒருவர் ரேண்டம் ஃபாரஸ்ட் வைத்து 20 நாள் கழித்து வரும் லாபத்தைக் கணித்து 0.8 எடுத்திருக்கிறார். என்னுடையது ஓவர்ஃபிட் ஆகிவிட்டதா? நேர்மையாகச் சோதிப்பது எப்படி?"

நீங்கள் கொடுத்த விவரத்தை வைத்துப் பார்த்தால் உங்கள் மாடலின் முதல் கோளாறு ஓவர்ஃபிட்டிங்கே கிடையாது, நீங்கள் பிடித்த அளவுகோல்தான். நண்பருடைய 0.8-க்குக் காரணம் வேறு, அது தரவைப் பிரித்த விதத்தில் நடக்கும் கசிவாகத்தான் இருக்கும், அவருடைய நிரலைப் பார்க்காமலே இதை ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஓவர்ஃபிட்டிங் இந்த இரண்டையும் சரிசெய்த பிறகு வருகிற பிரச்சினை, அது வரும்போது மாடலிடமிருந்து வருவதைவிட நம்மிடமிருந்து வருவதுதான் அதிகம். இதே வரிசையில் போகலாம்.

2023, 2024 இரண்டு வருடங்களில் நிஃப்டி சுமார் 17,000-லிருந்து 26,000-ஐத் தாண்டி வரை போனது. அந்தக் காலத்துக் குளோசிங் விலைகளின் திட்டவிலக்கம் 2,500 புள்ளி என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம் (உங்கள் தரவில் சரியான எண்ணை நீங்களே எடுத்துவிடலாம்). ஒரு நாளிலிருந்து மறுநாளுக்கு வழக்கமாக நகர்வது ஒரு சதவீதத்துக்கும் குறைவு, தாராளமாக 200 புள்ளி என்று வைப்போம். இப்போது மாடல் எதுவுமே இல்லாமல், "நாளைய விலை இன்றைய விலைதான்" என்று தினமும் சொல்கிற ஒருவருக்கு என்ன மதிப்பெண் கிடைக்கும்? 1 − (200/2500)² = 1 − 0.0064, அதாவது 0.99-க்கு மேல். ஆர்-ஸ்கொயர் என்பது உங்கள் பிழையை, "இரண்டு வருடமும் விலை ஒரே சராசரியில்தான் இருந்தது" என்று சொல்கிறவருடைய பிழையோடு ஒப்பிடுகிற எண். அப்படிச் சொல்ல யாரும் இல்லை. 9,000 புள்ளி ஏறிய ஒரு குறியீட்டில் அவரைத் தோற்கடிப்பது எந்தத் திறமைக்கும் அடையாளம் ஆகாது.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் உங்கள் 0.98 என்ன சொல்கிறது என்பது தெரியும். 2500 × √0.02 என்றால் சுமார் 354 புள்ளி. அதாவது நேற்றைய விலையை அப்படியே எழுதியிருந்தால் 200 புள்ளி தவறும் இடத்தில் உங்கள் மாடல் 354 புள்ளி தவறுகிறது. உங்கள் தரவில் எண்கள் கொஞ்சம் மாறலாம், ஆனால் திசை பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும், ஏனென்றால் விலையை மட்டும் உள்ளே கொடுத்து விலையைக் கேட்டால் எல்எஸ்டிஎம் கற்றுக்கொள்வது கடைசி விலையைக் கொஞ்சம் மழுப்பி நகலெடுப்பதைத்தான். அதுதான் அதற்குக் கிடைக்கிற ஆகச் சுலபமான, குறைந்த பிழையுள்ள வழி. உறுதிசெய்துகொள்ள இரண்டே வரி போதும். `actual`, `pred` இரண்டும் ஸ்கேலிங்கைத் திருப்பிய பிறகு வருகிற, புள்ளியில் உள்ள நம்பை அரேக்கள்:

```python
from sklearn.metrics import mean_absolute_error as mae
print("model:", mae(actual[1:], pred[1:]))
print("copy :", mae(actual[1:], actual[:-1]))
```

இரண்டாவது எண் சிறியதாக இருந்தால் மாடல் எதையும் கற்கவில்லை. எண் பிடிக்காதவர்கள் கண்ணாலும் பார்க்கலாம். இரண்டு வருடத்தையும் ஒரே படத்தில் போட்டால் கோடுகள் ஒட்டித்தான் தெரியும், ஒரு நாள் பிந்துவது 500 நாள் படத்தில் கண்ணுக்கே தெரியாது. 2024 ஜூன் முதல் வாரத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். ஜூன் 3 அன்று, வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்புகளைப் பார்த்துவிட்டு நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறி 23,264-ல் முடிந்தது. மறுநாள் வாக்கு எண்ணிக்கை, கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்து 21,884. அதற்கு மறுநாள் மீண்டும் 3 சதவீதத்துக்கு மேல் ஏறி 22,620. உங்கள் மாடலின் கோடு ஜூன் 4 அன்று உயரத்தில் நிற்கும், சந்தை ஏறத் தொடங்கிவிட்ட ஜூன் 5 அன்றுதான் அது கீழே இறங்கும். விழுந்ததை ஒரு நாள் கழித்துச் சொல்வதற்குப் பெயர் கணிப்பு இல்லை, ஆனால் ஆர்-ஸ்கொயருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஆகவே முதல் திருத்தம்: விலையைக் கணிக்கக் கேட்காதீர்கள், விலை மாற்றத்தைக் கேளுங்கள். `close.pct_change()` எடுத்து, அடுத்த நாளின் சதவீத மாற்றத்தை இலக்காக வையுங்கள். உள்ளே கொடுப்பதும் மாற்றங்களாகவே இருக்கட்டும். ஸ்கேலிங் தலைவலியும் இதனால் பெருமளவு குறையும். (முழுப் பத்து வருடத்துக்கும் சேர்த்து `MinMaxScaler` ஓட்டினால், 2018-ல் நிற்கிற மாடலுக்கு 2024-ன் உச்சம் எவ்வளவு என்கிற தகவல் போய்ச் சேர்கிறது. சிறிய கசிவுதான், ஆனாலும் கசிவு. ஸ்கேலரை டிரெயினிங் பகுதியில் மட்டும் `fit` செய்ய வேண்டும்.) இப்படி மாற்றியதும் உங்கள் 0.98 ஒரே அடியாகப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து விழும், சில சமயம் மைனஸில்கூடப் போகும். மாடல் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், இப்போதுதான் உண்மையான மதிப்பெண்ணைப் பார்க்கிறீர்கள்.

பூஜ்யத்துக்குப் பக்கம் என்றால் எவ்வளவு பக்கம் என்பதற்கு ஓர் அளவு வேண்டும். ஷிஹாவோ கு, பிரையன் கெல்லி, டாச்செங் ஷியு மூவரும் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 30,000 அமெரிக்கப் பங்குகளின் 60 ஆண்டுத் தரவை வைத்து, நூற்றுக்கணக்கான அம்சங்களோடு, பலவகை மாடல்களை ஒப்பிட்டார்கள். மாதாந்திர லாபத்தைக் கணிப்பதில் அவர்களுடைய சிறந்த நியூரல் நெட்வொர்க்குக்குக் கிடைத்த ஆர்-ஸ்கொயர் சுமார் 0.4 சதவீதம், அதாவது 0.004. அந்தத் துறையில் அது நல்ல முடிவு. அதனால் ஒரே குறியீட்டின் பழைய விலையை மட்டும் வைத்து யாராவது லாபக் கணிப்பில் 0.8 காட்டினால், பாராட்டுவதற்கு முன் தரவை எப்படிப் பிரித்தார் என்று கேட்பதுதான் முறை.

இனி நண்பர் விஷயம். `train_test_split` ஒன்றும் சொல்லாவிட்டால் தரவைக் கலைத்துப் போட்டுத்தான் பிரிக்கும், `shuffle=True` என்பதுதான் அதன் இயல்பு. நோயாளிகள், வீடுகள் மாதிரி ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வரிசைகளுக்கு அது சரி. விலைத் தரவில் அது நாட்குறிப்பில் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு, முந்தைய பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் கையில் கொடுத்து, நடுவில் என்ன நடந்தது என்று கேட்பது போல ஆகிவிடுகிறது. அவர் கணிக்கும் இலக்கோ 20 நாள் லாபம். திங்கட்கிழமையின் 20 நாள் லாபத்துக்கும் செவ்வாய்க்கிழமையின் 20 நாள் லாபத்துக்கும் 19 நாள் பொது. திங்கள் டிரெயினிங்கிலும் செவ்வாய் டெஸ்டிலும் விழுந்தால் விடையின் பெரும்பகுதி ஏற்கனவே மாடல் கையில் இருக்கிறது. 50 நாள், 200 நாள் சராசரிகளை அம்சமாகக் கொடுத்திருந்தால் இன்னும் சுலபம், அவை மெதுவாக நகர்பவை, அந்த இரண்டு எண்ணைப் பார்த்தே "இது எந்தத் தேதிக்குப் பக்கத்தில் இருக்கிறது" என்று ரேண்டம் ஃபாரஸ்ட் கண்டுபிடித்துவிடும், அந்தத் தேதியின் பக்கத்து வீட்டு விடையைத் திருப்பிச் சொல்லிவிடும்.

இதை நம்ப வேண்டியதில்லை, ஓட்டிப் பார்த்துவிடலாம். கீழே இருப்பது உண்மையான சந்தைத் தரவே இல்லை, ரேண்டம் எண்களைக் கூட்டிக் கூட்டிச் செய்த போலி விலை. இதில் கணிப்பதற்கு எதுவுமே கிடையாது, ஏனென்றால் அப்படித்தான் நாம் அதைச் செய்திருக்கிறோம்.

```python
import numpy as np, pandas as pd
from sklearn.ensemble import RandomForestRegressor
from sklearn.model_selection import train_test_split

rng = np.random.default_rng(7)
p = pd.Series(10000 * np.exp(np.cumsum(rng.normal(0, 0.01, 2500))))
df = pd.DataFrame({"p": p, "ma50": p.rolling(50).mean(),
                   "ma200": p.rolling(200).mean(),
                   "y": p.shift(-20) / p - 1}).dropna()
X, y = df[["p", "ma50", "ma200"]], df["y"]

def score(Xa, Xb, ya, yb):
    m = RandomForestRegressor(n_estimators=200, random_state=0)
    return m.fit(Xa, ya).score(Xb, yb)

print(score(*train_test_split(X, y, test_size=0.2, random_state=0)))
n = int(len(X) * 0.8)
print(score(X.iloc[:n-20], X.iloc[n:], y.iloc[:n-20], y.iloc[n:]))
```

முதல் வரியில் வருவது கலைத்துப் பிரித்த மதிப்பெண், அது பூஜ்யத்துக்கு வெகு மேலே நிற்கும். இரண்டாவது, காலவரிசைப்படி பிரித்தது. அது பூஜ்யத்தை ஒட்டியோ, பெரும்பாலும் அதற்குக் கீழேயோ இருக்கும். `default_rng(7)`-ல் உள்ள எண்ணை மாற்றி மாற்றி ஓட்டுங்கள், எண்கள் ஆடும், ஆனால் இரண்டுக்கும் இடையிலான இடைவெளி போகாது. ஒன்றுமே இல்லாத தரவில் ஒரு மாடல் நல்ல மதிப்பெண் வாங்குகிறது என்றால் குற்றம் சோதனை முறையில். உங்கள் சொந்த நிரலில் ஏதாவது சந்தேகம் வரும்போதெல்லாம் இப்படி ஒரு போலி விலையை உள்ளே அனுப்பிப் பாருங்கள் என்பதுதான் எனக்குத் தெரிந்த மிக நம்பகமான ஒற்றைச் சோதனை. கசிவு எங்கே ஒளிந்திருந்தாலும் பெரும்பாலும் இதில் மாட்டிக்கொள்ளும்.

நிரலில் `X.iloc[:n-20]` என்று டிரெயினிங்கின் கடைசி 20 நாளை வெட்டியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இலக்கு 20 நாள் முன்னோக்கிப் பார்க்கிறது, ஆகவே டிரெயினிங்கின் கடைசி நாளுக்கான விடை டெஸ்ட் காலத்துக்குள் போய் எட்டிப் பார்க்கிறது. இடையில் இலக்கின் நீளத்துக்கு ஓர் இடைவெளி விட்டால்தான் பிரிப்பு சுத்தம். அப்புறம், பேச்சு வந்ததால் ஒன்று. உங்கள் நிஃப்டி குறியீட்டுக்கு இது பொருந்தாது, தனிப் பங்குகளுக்குப் போகும்போது பொருந்தும். இன்றைய நிஃப்டி 50 பட்டியலில் உள்ள பங்குகளை எடுத்து அவற்றின் பத்து வருடத் தரவைச் சேர்த்தால், பிழைத்தவர்களை மட்டுமே சேர்த்ததாக ஆகும். யெஸ் பேங்க் 2020 மார்ச்சில் அந்தப் பட்டியலிலிருந்து வெளியே போனது. இன்றைய பட்டியலை வைத்து வேலை செய்கிறவரின் மாடலுக்கு அப்படி ஒரு வீழ்ச்சி நடந்ததே தெரியாது.

சரி, இப்போது ஓவர்ஃபிட்டிங். யூடியூப் பாடங்களில் வழக்கமாக வருகிற எல்எஸ்டிஎம்மில் 50 யூனிட் கொண்ட இரண்டு அடுக்கும் கடைசியில் ஒரு டென்ஸ் அடுக்கும் இருக்கும். `model.summary()` போட்டால் முதல் அடுக்கில் 10,400, இரண்டாவதில் 20,200, கடைசியில் 51, ஆக 30,651 பாராமீட்டர் என்று காட்டும். உங்களிடம் பத்து வருடத்தில் இருப்பதோ ஏறக்குறைய 2,470 வர்த்தக நாள், அதில் டெஸ்டுக்குப் போக மீதி 2,000-க்குள். பாராமீட்டர் அதிகம் என்பதாலேயே ஓவர்ஃபிட் ஆகிவிடும் என்று சொல்லிவிட முடியாது, பூனைப் படத்தை அடையாளம் காணும் மாடல்களில் இதைவிடப் பல மடங்கு பாராமீட்டர் இருந்தும் நன்றாகத்தான் வேலை செய்கின்றன. வித்தியாசம், பூனைப் படத்தில் பூனை இருக்கிறது. நாளைய விலை மாற்றத்திலோ, மேலே சொன்ன 0.004 அளவை நினைத்துக்கொள்ளுங்கள், ஆயிரத்தில் சில பங்குதான் கணிக்கக்கூடிய விஷயம், மீதி எல்லாம் இரைச்சல். மாடலுக்கு எது விஷயம் எது இரைச்சல் என்று பிரித்துத் தெரியாது, டிரெயினிங் பிழையைக் குறைக்கச் சொன்னால் அது இரண்டையும் சேர்த்தே மனப்பாடம் செய்யும், இரைச்சல்தான் அதிகம் என்பதால் இரைச்சலைத்தான் அதிகம் மனப்பாடம் செய்யும்.

இதைக் கண்டுபிடிப்பது கடினம் இல்லை. மாற்றத்தை இலக்காக வைத்து ஓட்டும்போது ஒவ்வொரு எபாக்கிலும் டிரெயினிங் லாஸையும் வேலிடேஷன் லாஸையும் சேர்த்து வரையுங்கள். டிரெயினிங் கோடு இறங்கிக்கொண்டே போகும், வேலிடேஷன் கோடு சில எபாக்குகளிலேயே நின்று பிறகு மேலே திரும்பும். திரும்பும் இடத்துக்கு அப்பால் நடப்பதெல்லாம் மனப்பாடம். சில சமயம் வேலிடேஷன் கோடு முதல் எபாக்கிலிருந்தே இறங்காது, அப்படியானால் அந்த அம்சங்களில் கற்பதற்கு எதுவும் கிடைக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஏர்லி ஸ்டாப்பிங் போட்டு நிறுத்துவது நல்ல பழக்கம்தான், ஆனால் எங்கே நிறுத்துவது என்று தீர்மானிக்கப் பயன்பட்ட தரவு அதற்குப் பிறகு டெஸ்ட் தரவு இல்லை. இந்த ஒரு வரியைப் புதியவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். `validation_data` என்ற இடத்தில் டெஸ்ட் தரவையே கொடுத்துவிட்டு, அதே டெஸ்டில் வந்த எண்ணை முடிவாக எழுதுகிறார்கள்.

பிரிப்பதை எப்படிச் செய்யலாம் என்று உங்கள் தரவிலேயே சொல்கிறேன். 2015 முதல் 2019 வரை கற்க வையுங்கள், 2020-ல் சோதியுங்கள். அடுத்து 2015 முதல் 2020 வரை கற்க வைத்து 2021-ல் சோதனை. இப்படி ஒவ்வொரு வருடமாக 2024 வரை நகர்ந்தால் ஐந்து சோதனை வருடம் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் ஸ்கேலர் முதல் மாடல் வரை எல்லாம் புதிதாக `fit` ஆக வேண்டும், கற்கும் பகுதியின் கடைசிச் சில மாதங்களை ஏர்லி ஸ்டாப்பிங்குக்கு ஒதுக்கலாம். சைகிட்-லேர்னில் `TimeSeriesSplit(n_splits=5, gap=20)` கிட்டத்தட்ட இதைச் செய்துவிடும், ஆனால் வருடக் கணக்கில் கையால் பிரிப்பதையே நான் விரும்புவேன், ஏனென்றால் முடிவை வருடத்தோடு சேர்த்துப் படிக்கலாம். ஐந்து வருடத்தின் சராசரியை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் நிஃப்டி 13 சதவீதம் அளவுக்கு விழுந்தது, அந்த ஒரு மாதம் மொத்தச் சராசரியையே எந்தப் பக்கமும் இழுத்துவிடும். நான்கு வருடத்தில் நேற்றைய விலை நகலை வெல்லவில்லை, ஒரு வருடத்தில் மட்டும் அபாரமாக வென்றது என்றால் அந்த ஒரு வருடத்தில் எந்த நாட்கள் என்று தோண்டிப் பாருங்கள், பெரும்பாலும் ஐந்தாறு நாளில் வந்து நிற்கும்.

2023, 2024-ஐ நீங்கள் ஏற்கனவே பார்த்துவிட்டீர்கள், அதைக் கடைசிப் பரீட்சைக்கு இனி பயன்படுத்த முடியாது. ஆனால் 2025 ஜனவரி முதல் உள்ள தரவு உங்கள் ஃபைலில் இல்லை, நல்லதாயிற்று. அதைத் தனியாக இறக்கி, திறந்து பார்க்காமல் வைத்திருங்கள். எல்லா மாற்றமும் முடிந்து, இதுதான் மாடல் என்று எழுதி வைத்த பிறகு, ஒரே ஒரு தடவை அதில் ஓட்டுங்கள். வந்தது எதுவோ அதுதான் உங்கள் எண். பிடிக்காமல் மறுபடி அம்சத்தை மாற்றி அதே தரவில் ஓட்டினால், அந்த நிமிடமே அதுவும் டிரெயினிங் தரவாகிவிடுகிறது.

ஏன் இவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. ஏறுமா இறங்குமா என்பதை நாணயம் சுண்டிச் சொல்கிற மாடல் ஒன்று, ஒரு வருடம், 250 நாள் சோதனை. சராசரி 50 சதவீதம் சரியாக வரும், அதன் திட்டப்பிழை √(0.25/250), அதாவது 3.2 சதவீதப் புள்ளி. ஒரே ஒரு மாடலை ஓட்டி 54 சதவீதம் வந்தால் அதுவே அதிர்ஷ்டத்தின் எல்லைக்குள்தான் இருக்கிறது. இப்போது 60 நாள் ஜன்னல், 30 நாள் ஜன்னல், ஆர்எஸ்ஐ சேர்த்து, சேர்க்காமல், இரண்டு அடுக்கு, மூன்று அடுக்கு என்று 20 விதமாக ஓட்டி, ஆகச் சிறந்ததை எடுக்கிறீர்கள். இருபதுமே நாணயம் சுண்டுபவை, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்றாலும், அவற்றில் முதலாவதாக வருவதன் மதிப்பெண் சராசரியாக 56 சதவீதம் பக்கம் இருக்கும். உண்மையில் உங்கள் 20 மாடல்களும் ஓரளவு ஒன்றுபோலவே நடந்துகொள்ளும் என்பதால் இந்த வீக்கம் கொஞ்சம் குறையலாம், எவ்வளவு என்பது தரவைப் பொறுத்தது. ஆனால் திசை மாறாது. எந்த மாடலும் தனியாக ஓவர்ஃபிட் ஆகவில்லை, தேர்ந்தெடுத்தவர்தான் டெஸ்ட் தரவுக்கு ஓவர்ஃபிட் ஆகியிருக்கிறார். அதனால் ஒரு நோட்டில், ஓட்டிய ஒவ்வொன்றையும், தோற்றதையும் சேர்த்து, எழுதி வையுங்கள். எத்தனை முயற்சியில் வந்தது என்று தெரியாத மதிப்பெண்ணை எடைபோடவே முடியாது. அதோடு எல்எஸ்டிஎம் போன்றவற்றில் ரேண்டம் சீடை மட்டும் மாற்றிப் பத்துத் தடவை ஓட்டிப் பாருங்கள். சீடால் வரும் ஆட்டம், நேற்றைய விலை நகலுக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருந்தால் அந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

திசைக் கணிப்புக்கு 50 சதவீதத்தோடு ஒப்பிடுவதும் தவறு. பல வருடமாக ஏறி வந்த குறியீட்டில் ஏறிய நாட்கள் பாதிக்குச் சற்று மேலேயே இருக்கும். "தினமும் ஏறும்" என்று மட்டும் சொல்கிறவரின் மதிப்பெண்ணை முதலில் எடுங்கள், உங்கள் போட்டி அவரோடு.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தாலும் வேலிடேஷன் ஒன்றைத்தான் சொல்லும்: கடந்த காலத்தில், பார்க்காத பகுதியில், இந்த மாடல் எப்படி நடந்திருக்கும் என்பது. சந்தையின் குணம் மாறினால் அந்த முடிவு செல்லாது, எப்போது மாறும் என்பதை எந்தச் சோதனையும் சொல்லாது. இன்னொன்று செலவு. தினமும் வாங்கி விற்கும் மாடல் 52 சதவீதம் சரியாகச் சொன்னாலும், புரோக்கரேஜ், எஸ்டிடி வரி, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி என்று போனால் மிச்சம் நிற்குமா என்பது தனிக் கணக்கு. ஒரு குறியீட்டின் பழைய குளோசிங் விலையை மட்டும் வைத்து மறுநாள் திசையைச் செலவு போக லாபம் வரும் அளவுக்குக் கணிக்க முடியுமா என்று கேட்டால், முடியாது என்பதே என் அபிப்பிராயம். இது நிரூபணம் இல்லை, ஆனால் எல்லோர் கையிலும் இலவசமாக இருக்கிற ஒரே தரவு, எல்லோரும் ஓட்டிப் பார்த்துவிட்ட தரவு, அதில் எடுப்பதற்கு மிச்சம் இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

இதே தரவில் உண்மையாகவே கணிக்க முடிகிற விஷயம் ஒன்று உண்டு, நகர்வின் அளவு. பெரிய ஆட்டம் உள்ள நாளுக்குப் பின்னால் பெரிய ஆட்டம் வருவதும், அமைதியான வாரத்துக்குப் பின்னால் அமைதி தொடர்வதும் உலகத்தின் ஏறக்குறைய எல்லாச் சந்தைகளிலும் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட ஒன்று. அடுத்த 5 நாளின் திட்டவிலக்கத்தை இலக்காக வைத்து, கடந்த 20 நாளின் திட்டவிலக்கத்தை அப்படியே நகலெடுப்பவரைப் போட்டியாக வைத்து, மேலே சொன்ன வருடவாரிச் சோதனையை ஓட்டிப் பாருங்கள். இங்கே மாடல் உண்மையில் எதையாவது பிடிக்கும்போது எண்கள் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்வீர்கள். கற்றுக்கொள்ளத் தொடங்குகிறவருக்கு இது திசைக் கணிப்பைவிட நல்ல பயிற்சி.

கடைசியாக, உங்கள் மூன்று வார நேரடிச் சோதனை. 15 வர்த்தக நாள், பாதி தப்பு. 15 நாளுக்குத் திட்டப்பிழை 13 சதவீதப் புள்ளி பக்கம் வரும், ஆகவே இந்த முடிவை வைத்து மாடல் மோசம் என்றும் சொல்ல முடியாது, அடுத்த 15 நாளில் 11 நாள் சரியாக வந்தால் நல்லது என்றும் சொல்ல முடியாது. 53 சதவீதம் சரியாகச் சொல்கிற ஒரு மாடலை 50-லிருந்து பிரித்துக் காட்டவே ஆயிரத்துச் சொச்சம் நாள், அதாவது நான்கு வருடத்துக்கு மேல் வேண்டும். அதனால் லைவாக உட்கார்ந்து பார்ப்பதை இப்போதைக்கு நிறுத்திவிட்டு, மேலே கொடுத்த இரண்டு `mae` வரிகளை உங்கள் நிரலில் ஓட்டி, வருகிற இரண்டு எண்ணையும், தரவைப் பிரித்த வரிகளையும் கீழே போடுங்கள், அடுத்த கட்டத்தை அதை வைத்துப் பார்க்கலாம்.